கறுவா இருக்கோ, தம்பி?

கிருத்திகையன்று சென்னிமலை அடிவாரத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கற்பூரம், நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று காலையிலிருந்தே கை ஓயாது. கந்தசாமி பதினொரு மணிக்குத்தான் டீ கிளாசைக் கையில் எடுத்தார். ஒரு வாய் குடிப்பதற்குள் அந்த அம்மா வந்து நின்றார்.

அறுபதைத் தாண்டிய வயது. நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். ஆயிரத்து முந்நூற்று இருபது படியையும் நடந்தே ஏறி இறங்கியவர் என்பது அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே தெரிந்தது.

"தம்பி, கறுவா இருக்கோ?"

கந்தசாமி டீ கிளாசைக் கீழே வைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் யோசித்தார். தெருக்கூட்டத்தின் இரைச்சலில் கடைசி எழுத்து அமுங்கிப் போயிருக்கும், வேறென்ன?

"இல்லீங்கம்மா. அதெல்லாம் நம்ம கடையில வெக்கறதில்லீங்க."

"ஏன், முடிஞ்சுதோ?"

"எப்பவுமே வெக்கறதில்லீங்க. அதுவும் இன்னைக்குக் கிருத்திகை பாருங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிருத்திகைக்கும் கறுவாவுக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஊரில் இப்படியும் ஒரு விரதமா என்பதுபோலக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முழங்காலை விடவில்லை.

"கறிக்குப் போடுறது, தம்பி. நல்ல வாசமாயிருக்கும்."

அவ்வளவுதான். கொங்கு நாட்டில் கறி என்றால் அது ஆட்டுக்கறி. கோழியைக்கூடக் கோழி என்றுதான் சொல்வார்கள். அது தெரியாமல், வீட்டில் கத்தரிக்காய்க் கறியும் பூசணிக்காய்க் கறியும் வைத்துப் பழகிய வாய் சொல்லிவிட்டது. கறியில் கருவாட்டைப் போடுவார்களா என்று கந்தசாமி மலைத்துப் போனார். நெற்றியில் திருநீறு வேறு. ஆனால் வந்தவரை முகம் சுளிக்க வைத்து அனுப்புவது அவர் வழக்கமில்லை. கல்லாவிலிருந்து முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை இருக்குதுங்க. ஆனா இன்னைக்கு வேண்டாமுங்க. நாளைக்குப் போய் வாங்கிக்குங்க."

"நாளைக்கு நாங்கள் பழனிக்கு வெளிக்கிடுறம். இவருக்கு இண்டைக்குத் தேவை. காலமை எழும்பினதும் தேத்தண்ணிக்குள்ள போட்டுத்தான் குடிப்பார்."

கந்தசாமி தன் டீயைப் பார்த்தார். அப்புறம் பெரியவரைப் பார்த்தார்.

"டீயிலயா?"

"ஓம். சீனி வருத்தக்காரர். அதுக்கு நல்லது எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டையிலயிருந்து விடுறாரில்லை."

கடைக்குள் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த சரசு முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "ஏனுங்க, டீயில போடற சாமானுன்னா சுக்கு, ஏலக்காய், பட்டை, இதுல ஒண்ணாத்தான் இருக்கும். நீங்க என்னத்தைக் காதுல வாங்குனீங்க?"

"நான் என்னத்த வாங்கறது? அந்தம்மா கருவாடுன்னு..."

"கருவாடோ! சிவ சிவா!" என்று அந்த அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். வேட்டிக்காரப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

கந்தசாமிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சமாளிக்க வேண்டுமே என்று அவசரமாக, "அப்ப பட்டைங்களா?" என்றார்.

அந்த அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. "இது மேல கோயில்ல பூசினது. ஏன், அழிஞ்சு போச்சோ?"

திருநீற்றுப் பட்டை என்று நினைத்துவிட்டார். இனி வாயால் பேசிப் பயனில்லை என்று சரசு டின்னைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒடித்துப் பார்த்தார், ஒடியவில்லை. மலர்ந்த முகம் பாதியில் நின்றது.

"மணம் கிட்டத்தட்ட அதுதான். ஆனா எங்கட கறுவா இப்பிடி மொத்தமில்லை, தம்பி. இது விறகுமாதிரியெல்லோ இருக்கு."

கைப்பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அடியில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு குச்சி மிஞ்சியிருந்தது. வெளிர் பழுப்பு நிறம். கடதாசி கனத்தில் பல மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருந்தன. கந்தசாமி ஓரத்தைக் கிள்ளியதும் பொரபொரவென்று உதிர்ந்தது. கடைப் பட்டையோ கறுத்து, தடித்து, ஒற்றைத் தோலாகச் சுருண்டு கிடந்தது. பிரியாணிக்கு அதுதான் ஓடும். விலையும் கட்டுப்படியாகும்.

"அட, சுருள் பட்டைங்க இது! சிலோன் பட்டைன்னும் சொல்லுவாங்க. அம்மாவுக்கு ஊர் எதுங்க?"

"யாழ்ப்பாணம். காங்கேசன்துறையில கப்பலேறி நாகப்பட்டினத்தில வந்து இறங்கினனாங்கள்."

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் கந்தசாமி. எதை முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவருக்கே தெளிவில்லை.

கடைப்பையன் மணி நாட்டு மருந்துக்கடைக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் சரசு இரண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டு, சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தாள். அவர்களிடம் மிஞ்சியிருந்த கடைசிக் குச்சியைப் பெரியவரே கிளாசுக்குள் போட்டுக் கலக்கினார். கந்தசாமியும் ஆசைக்கு ஒரு துண்டு வாங்கித் தன் டீயில் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. சொல்லிக்கொள்ளவில்லை.

மணி கொண்டுவந்த பொட்டலத்தின் விலையைக் கேட்டதும் அந்த அம்மா வாயில் கை வைத்தார். சாதாப் பட்டையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். "எங்கட ஊர்ச் சாமானை எங்களுக்கே இந்த விலைக்கு விக்கிறாங்களே!"

"அதுக்கென்னங்க, எங்க ஊர்ச் சாமானை நான் சகாயமாத் தர்றேன்" என்று மஞ்சள் மூட்டையைக் காட்டினார் கந்தசாமி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். இப்போதும் சொன்னார். விரலி மஞ்சளில் ஒன்றை ஒடித்து உள்நிறத்தைக் காட்டினார்.

அந்த அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் உரசினார். "2020இல எங்கட அரசாங்கம் மஞ்சள் வரத்தை நிப்பாட்டினது, தம்பி. யானை விலை வித்தது. இந்தக் கரையிலயிருந்து படகில கடத்திக்கொண்டு போய்ப் பிடிபட்டவை கனபேர். ஒரு தேக்கரண்டித் தூளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் நானும் சண்டை பிடிச்சிருக்கிறம்."

"மஞ்சளுக்கா?" களத்தில் காயப் போட்ட மஞ்சளை மிதித்து நடந்தே வளர்ந்தவள் சரசு. அவளால் நம்ப முடியவில்லை. கூடக் கொஞ்சம் போடச் சொல்லிக் கணவருக்குக் கண் காட்டினாள். தராசு கால் கிலோவைத் தாண்டிச் சாய்ந்தது.

எல்லாம் கட்டி முடித்துக் காசை எண்ணும்போது அந்த அம்மா, "ஐயோ, மறந்துபோனன். கொஞ்சம் பெருஞ்சீரகமும் தாங்கோ" என்றார்.

கந்தசாமி சீரக டின்னை எடுக்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். பெரிய சீரகமா? நிறையச் சீரகமா? இல்லை, இதிலும் ஏதாவது இருக்குமா? கல்லாவின் பலகையைத் தூக்கி வழிவிட்டார்.

"நீங்களே உள்ள வந்து, எந்த டின்னுன்னு கையைக் காட்டுங்கம்மா."

அந்த அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், வரிசையாக மூடிகளைத் திறந்து மோந்துகொண்டே வந்தார். நாலாவது டின்னில் நின்றார். "இந்தா, இதுதான்."

"சோம்புங்களா!"

"செம்பு வேண்டாம், தம்பி. தண்ணிப் போத்தல் இருக்கு."

"சரிங்க" என்று கந்தசாமி நூறு கிராம் சோம்பை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். வெளியே கற்பூரத்துக்கு நாலு பேர் காத்திருந்தார்கள்.