சக ஊழியர் மதிப்பீடு: இரவு நேர வரவேற்பு அலுவலர்

மதிப்பிடப்படுபவர்: இரவு நேர வரவேற்பு அலுவலர், நிலாவெளி விடுதி
எழுதுபவர்: அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளர்
காலம்: ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான சீசன்

1. இவருடைய வேலை உங்கள் வேலையை எப்படித் தொடுகிறது?

இவர் இரவில் எழுதி வைப்பதைப் பார்த்துத்தான் என் குழுவிலுள்ள பிள்ளைகள் காலையில் எந்த அறையில் கைவைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். இரவு முழுக்க ஷிப்ட்டில் நிற்பவர் என்பதால் நேரில் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஆகவே நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் ஒப்படைப்புக் கொப்பியில் கண்டதும், காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் நேரில் பார்த்ததும்தான்.

2. நீங்கள் பாராட்டும் விடயம் என்ன? சம்பவத்துடன் எழுதவும்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் விடியும்போதே பைகளோடு வாசலில் நிற்பார்கள். நமது செக்-இன் பிற்பகல் இரண்டு மணிக்கு. முன்பெல்லாம் யார் எப்போது வருகிறார்கள் என்று காலையில் அவர்களைக் கண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இந்த சீசனில் இவர் ஷிப்ட்டுக்கு வந்தவுடனேயே மறுநாள் வருபவர்களுக்கு அழைத்து, ரயிலா, பஸ்ஸா, சொந்த வாகனமா என்று கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். பக்கத்திலேயே, விடிய முன்னர் வெளிக்கிடப்போகும் அறைகளையும் குறித்து வைத்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. நாங்கள் அந்த அறைகளிலிருந்தே தொடங்கினோம்.

ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை. வயதான அம்மா ஒருவரும் இரண்டு சிறுபிள்ளைகளும் உள்ள குடும்பம் ஆறரைக்கே வந்துவிட்டது. விடிய வெளிக்கிடுவதாகச் சொன்ன 12 ஆம் அறைக்காரர்கள் இன்னும் உள்ளே. வழக்கமாக நாங்கள் எல்லோரும் சொல்லும் "அஞ்சு நிமிஷம்" அவர் வாயிலிருந்து வரவில்லை. "எட்டரைக்கு முன்னுக்கு அறை கிடைக்காது" என்று நேராகவே சொல்லி, தேநீர் கொடுத்து, நீச்சல் தடாகப் பக்கத்துக் குளியலறையைத் திறந்துவிட்டார். எனக்கு அழைத்து, "அக்கா, 12ஆம் அறை ஆக்கள் இன்னும் எழும்பல்ல, உங்கட பிள்ளைகள ஓட விடாதீங்க" என்றார். அறை எட்டு இருபதுக்குத் தயார்.

அந்தக் குடும்பம் பிறகு, அறை பிந்திக் கிடைத்தது என்றுதான் எழுதியது. அது உண்மையும்கூட. ஆனால் அன்றைய கொப்பியில் இவர் எழுதியிருந்த வரி இது: "தாமதம் அறைப் பிரிவால் அல்ல, முந்தைய விருந்தினர் வெளிக்கிடப் பிந்தியதால்." அன்று லீவு முடிந்து வந்த என் குழுப் பிள்ளை ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகாமல் இருந்ததற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இன்னொன்று சுருக்கமாக: புறாத்தீவுக்குப் போகக் கேட்பவர்களிடம் பணம் வாங்குமுன் படகுக்காரரிடம் கடல் நிலையைக் கேட்டுவிடுவார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சண்டை இந்த சீசனில் என் காதுக்கு வரவில்லை. அதில் படகுக்காரருக்கும் பங்குண்டு, எல்லாப் புகழையும் இவருக்கே எழுத முடியாது.

போன முறை இவருக்கு வந்த படிவங்களில் "எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கிறார்தான். அறை நேரத்துக்குத் தயாரானது அந்தக் கொப்பியால்.

3. மேம்பட வேண்டியது?

கொப்பியில் தமிழை ஆங்கில எழுத்தில் அவசரமாக எழுதுகிறார். சிங்களம் மட்டும் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் என் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளங்காது. அறை இலக்கத்தையும் நேரத்தையும் முதலில், தனியாக எழுதினால் மொழியே தேவையில்லை. சொன்னேன், இரண்டு வாரம் செய்தார், பிறகு சனநெரிசலில் விட்டுப்போனது. இவர் லீவில் நிற்கும் இரவுகளில் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அது இவருடைய குறையல்ல. பதிலாக வருபவருக்கு இந்த முறையைப் பழக்கும் பொறுப்பை முகாமைத்துவம்தான் யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

4. ஐந்து புள்ளிக்கு எத்தனை? ஏன்?

ஒப்படைப்புக்கு ஐந்து. மற்றப் பிரிவுகளோடு ஒத்துழைப்புக்கு நான்கு: லோண்டரிக்காரருக்கு அவசரத் துணி பற்றி முன்கூட்டிச் சொல்வது சில நாட்களில் தவறிப்போனது. காசு மேசை, முன்பதிவுக் கணினி இரண்டையும் நான் பார்ப்பதில்லை. அந்தக் கட்டங்களில் "பொருந்தாது" என்று போட்டிருக்கிறேன். தெரியாததற்கு நடுவில் மூன்று போட்டால் அது இவருடைய சராசரியைத்தான் இழுக்கும்.

5. இதை அவரிடம் காட்டலாமா?

காட்டலாம், பெயரோடு. மூன்றாம் கேள்விக்கான பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.