வீடு பார்ப்பது, கமிஷன், அக்ரிமென்ட்: அடிக்கடி வரும் கேள்விகள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வாடகை வீடுகளுக்கு மட்டும். விற்பனை நாங்கள் செய்வதில்லை.

வீடு பார்க்கப் பணம் கட்டணுமா?
வேண்டாம். எத்தனை வீடு பார்த்தாலும் இலவசம். "கேட் பாஸுக்கு 2,000 அனுப்புங்கள், பிறகு வீடு காட்டுகிறோம்" என்று போன் வந்தால் அது மோசடி. எங்கள் பெயரைச் சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

எப்போது வரலாம்?
முந்தின நாள் மாலைக்குள் சொல்லுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு அவர்களைக் கேட்டுத்தான் போக முடியும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள வீடென்றால் பிற்பகல் 3 மணிக்கு வாருங்கள். அதன் வெக்கை காலையில் தெரியாது.

எதைக் கவனிக்க வேண்டும்?
முதலில் தண்ணீர். போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். மஞ்சளாகப் படிந்தால் இரும்பு அதிகம், வெள்ளைத் துணி பழுப்பேறும். கோடையில் லாரி தண்ணீர் வாங்கினால் யார் செலவு என்றும் கேளுங்கள்.

அடுத்தது ஈ.பி. உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு ரேட் போடுவார். பல வீடுகள் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்த யூனிட் ஏறி, ரேட்டும் ஏறும். வாடகை 500 குறைவு என்று மயங்கி இதில் மாட்டுபவர்கள் அதிகம்.

உங்கள் கமிஷன்?
15 நாள் வாடகை. 16,000 வாடகைக்கு 8,000. அக்ரிமென்ட் கையெழுத்தான பிறகே வாங்குவோம், ரசீது உண்டு. ஜி.எஸ்.டி. இல்லை. அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும்போது கமிஷன் கிடையாது.

டோக்கன் அட்வான்ஸ் திரும்புமா?
வீட்டுக்காரர் மறுத்தால் முழுவதும். நீங்கள் மனம் மாறினால், டோக்கன் ரசீதில் எழுதியபடி. எழுதாத டோக்கன் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு?
ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம். 5, 6 மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிக் குறைக்கப் பார்ப்போம். காலி செய்தபின் பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் பெயிண்டிங் பிடித்தத்தில்தான். அந்தத் தொகையை முன்பே அக்ரிமென்ட்டில் எழுதிவிடுங்கள். குடிவரும் நாளில் சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

என்ன பேப்பர் வேண்டும்?
உங்களிடம் ஆதார், பான், இரண்டு போட்டோ, வேலை அடையாள அட்டை. வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீதும் ஈ.பி. ரசீதும் வாங்கிப் பெயரைப் பொருத்திப் பார்ப்போம். அவர் வெளிநாட்டில் இருந்து, தம்பி கையெழுத்திட்டால் பவர் பத்திரம் கட்டாயம். வாடகைக்கு விடும் அதிகாரம் அதில் இருக்க வேண்டும்.

11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு வேண்டாமா?
சார்பதிவாளரிடம் வேண்டாம். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, அது 11 மாதத்துக்கும் உண்டு. tenancy.tn.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் இருவர் ஆவணங்களும் கைக்கு வந்ததும் நாங்களே ஏற்றித் தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.