கல்யாண கேசட்டில் மாட்டிய மன்றம்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்கள் முன்னால் வந்து நாற்காலியில் உட்காருங்கள். பிள்ளைகள் பாயில் உட்காரட்டும். தம்பி, அந்த வாசல் கதவை மட்டும் சாத்திவிடு, தெரு லைட் திரையில் அடிக்கிறது.

நம்ம மன்றத்தின் கதையைப் படமாக எடுக்கலாம் என்று கமிட்டியில் பேசியபோது, மாடி அறை டிரங்குப் பெட்டியில் நிறைய இருக்கும் என்று எல்லாருமே நம்பினோம். திறந்து பார்த்தால் வரவு செலவு நோட்டு, ரசீது புத்தகம், துருப்பிடித்த இரண்டு கோப்பை. வீடியோ ஒன்றுகூட இல்லை. மன்றத்துக்காக யாரும் எப்போதும் கேமரா எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வீடியோக்காரருக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் யாரிடம் காசு இருந்தது?

அப்புறம் இந்தப் படம் எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டு பீரோவிலிருந்துதான் வந்தது. புது வண்ணாரப்பேட்டையில் இந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதி விசேஷம் இந்த ஹாலில்தான் நடந்திருக்கிறது. நிச்சயதார்த்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வரவேற்பு எல்லாம் இங்கேதான். வீடியோக்காரர் பெண் மாப்பிள்ளையைத்தான் எடுத்தார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் நம்ம மன்றம் நிற்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரிகிறது, பந்தி நடக்கும்போது ஓரமாகத் தள்ளி வைத்த கேரம் போர்டு தெரிகிறது, படிப்பகத்து பெஞ்சில் தாம்பூலப் பையை அடுக்கி வைத்திருப்பது தெரிகிறது. அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மணமக்களைப் பார்க்காதீர்கள், அவர்கள் தோளுக்குப் பின்னால் பாருங்கள். இன்றைக்குப் படம் அங்கேதான் ஓடுகிறது.

கேசட் கொடுத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “ஏம்மா, இது இன்னும் ஓடுமா?” பாதி ஓடவில்லை. நமக்குக் கடல் காற்று வேறு. நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை பிடித்திருந்தது. அதை அப்படியே போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்து போடுகிற கேசட்டும் கெடும். வி.சி.ஆர். தயாரிப்பதை உலகத்தில் கடைசியாக விட்டது ஒரு ஜப்பான் கம்பெனி, அதுவும் 2016-இலேயே நின்றுவிட்டது. நமக்குக் கிடைத்தது, தெருமுனை டி.வி. மெக்கானிக் அண்ணன் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பழைய டெக். அவரே ஒவ்வொரு கேசட்டாகத் திருகைக் கழற்றி, நாடாவைத் துடைத்து, மறுபடி மூடினார். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மொய் எழுதுவதை முழுசாகப் பார்த்தாக வேண்டும்.

படத்தில் பல இடத்தில் சத்தம் வராது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று கத்தாதீர்கள். அந்தக் கால கல்யாண வீடியோவில் மிக்ஸிங் என்ற பெயரில் அசல் சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டு, தலையிலிருந்து வால் வரை சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிப்பார், கேட்பதோ டூயட் பாட்டு. அந்தப் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டோம். பல இடங்களில் நம்ம பெரியவர்களை உட்கார வைத்து, படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து சேர்த்திருக்கிறோம். சில இடத்தில் அவர்களும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். அங்கே நாங்களும் எதையும் நிரப்பவில்லை.

வருஷம் கண்டுபிடிப்பதுதான் பெரிய பஞ்சாயத்து. திரை ஓரத்தில் தேதி வரும், அதை நம்பாதீர்கள். கேமரா பேட்டரி போனால் ஜனவரி ஒன்றுக்குத் திரும்பிவிடும். ஒரே கேசட்டில் ஆடி மாசமும் ஜனவரி ஒன்று, தீபாவளியும் ஜனவரி ஒன்று. அதனால் பின்னணியைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். வரவேற்பு போர்டில் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் அநேகமாக 1996-க்கு முன்னால். சொல்லப்போனால் நம்ம ஏரியா போர்டு எழுதும் அண்ணன்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் மெட்ராஸ் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்த காட்சியில் மெட்ரோ தூண் நின்றால் அது சமீபத்தியது. விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியதே 2021-இல்தான்.

கேரம் காட்சி ஒன்று வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வரவேற்பு முடிந்து, சாப்பிட்ட இலை எடுப்பதற்குள் பையன்கள் போர்டை இழுத்துப்போட்டு ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். வீடியோக்காரருக்கு ஆட்டம் பிடித்துப்போய், மாப்பிள்ளையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். போர்டுக்கு மேலே தகர மூடி போட்ட பல்பு தொங்குகிறது, பவுடர் பறக்கிறது, ரெட் விழுந்து ஃபாலோ போடுவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. சுவரில் மரிய இருதயம் அவர்களின் படம், பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியது. இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர்.

ஆனால் அந்தக் காட்சியில் சுற்றி நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. இதே புது வண்ணாரப்பேட்டையில், செரியன் நகரில் வளர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். அதைப் பார்த்த பிறகு இந்தப் பழைய காட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அதேபோல, இந்த ஹாலில் வருஷக்கணக்கில் தையல் வகுப்பு நடந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பெடல் மெஷின் சத்தம் தெருவரை கேட்கும். அதற்கு ஒரு விநாடி வீடியோகூடக் கிடைக்கவில்லை. வேறு பெண்களைக் காட்டி ஒப்பேற்ற எனக்கு மனசில்லை. கறுப்புத் திரையாகவே விட்டு, அதன்மேல் டீச்சர் அக்காவின் குரலை மட்டும் போட்டிருக்கிறோம். அக்கா, எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். கைதட்டுங்கப்பா.

கடைசிப் பகுதி செல்போனில் எடுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஹாலில் சமைத்தது, பாய் விரித்துப் படுத்தது எல்லாம் வரும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருப்பதால் திரையில் நடுவில் ஒல்லியாகத் தெரியும். அகலமாக இழுத்துப் போட்டால் எல்லார் முகமும் பூசணியாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டோம். தூங்குகிறவர்கள் முகம் தெரிகிற துண்டுகளை வெட்டிவிட்டோம். அது அவர்களிடம் கேட்காமல் எடுத்தது.

இறந்துபோனவர்கள் பலர் திரையில் நடமாடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். வெளியே போய் உட்கார வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் போங்கள், வராண்டாவில் நாற்காலி போட்டிருக்கிறது.

படம் நாற்பது நிமிடம். தெரிந்த முகம் வந்தால் விசில் அடிக்கலாம், பெயர் சொல்லிக் கத்தலாம், தடையில்லை. கத்துவதோடு விடாமல் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அங்கே சில முகங்களை அச்செடுத்து ஒட்டியிருக்கிறோம். முக்கியமாக, பந்தியில் சாம்பார் வாளியோடு அடிக்கடி வருகிற கட்டம்போட்ட சட்டைக்காரர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு வேறு வீட்டு கேசட்டிலும் அவர் பரிமாறிக்கொண்டே இருக்கிறார்.

வீட்டில் இன்னும் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஓட்டியும் பார்க்காதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். டீயும் சமோசாவும் படம் முடிந்த பிறகுதான். போனையெல்லாம் சைலண்டில் போடுங்கள். தம்பி, போடுப்பா.