ஜனதா கடிகாரத்தின் டயல்: படம் உருவாக்கும் கட்டளை

கைக்கடிகாரம் ஒன்றின் டயலை நேர் மேலிருந்து மிக அருகில் எடுத்த புகைப்படமாக உருவாக்கவும். கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் சுவரில் மாட்டப்போகும் படம் இது. உள்ளே வருபவர் முதலில் மணியைப் படிக்க வேண்டும். கண்ணாடி இருப்பதை அதன் பிறகு உணர வேண்டும்.

பெங்களூரில் எச்.எம்.டி. தயாரித்த ஜனதா கடிகாரத்தின் சாயல் போதும். சாவி கொடுத்து ஓடும் எளிய கடிகாரம், எஃகுக் கூடு, பழுப்புத் தோல் பட்டை. டயலில் 1 முதல் 12 வரை கறுப்பு எண்கள் மட்டும் இருக்கட்டும். நிறுவனப் பெயரோ வேறு எழுத்தோ தேதிக் கட்டமோ வேண்டாம். டயல் தூய வெள்ளையாக இருக்கக் கூடாது, பாலாடை நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையின் மேல் விழும் வெளிச்சம் கண்ணில் படாமல் போய்விடும். கறுப்பு எண்களை மட்டும் வெளிறச் செய்யும்.

நேரம் 10 மணி 8 நிமிடம் 35 விநாடி. மணி முள் 10-ஐச் சற்றே தாண்டியும், நிமிட முள் 8-ஆம், 9-ஆம் நிமிடக் கோடுகளுக்கு நடுவிலும், மெல்லிய விநாடி முள் 7-இன் மேலும் நிற்கின்றன. ஆகவே 3-க்கும் 6-க்கும் இடைப்பட்ட பகுதியில் முள் எதுவும் இல்லை. பிரதிபலிப்பு அங்கேதான் விழ வேண்டும்.

கண்ணாடி நடுவில் லேசாகப் புடைத்த அக்ரிலிக். படத்தின் கீழ் வலப்புறத்தில், மெல்லிய வெள்ளைத் துணி கட்டிய சன்னல் இருப்பதாகக் கொள்ளவும். அந்தத் துணியின் ஒளி கண்ணாடியில் வளைந்த, விளிம்பு கரைந்த பட்டையாகத் தெரியட்டும். சன்னல் கம்பியும் சட்டமும் தெரியக் கூடாது. அக்ரிலிக்கின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தையே திருப்பியனுப்பும்; பட்டையும் அந்த அளவுக்கு மெலிதாக, டயல் ஊடே தெரியும்படி இருக்கட்டும். அதனடியில் வரும் 4, 5 ஆகிய எண்கள் அடர்சாம்பல் வரை போகலாம், அதற்கு மேல் வெளிறக் கூடாது. எதிர்ப்பக்கம், 9-க்கும் 11-க்கும் வெளியே, கண்ணாடியின் ஓரத்தில் நூலளவு வெளிச்சக் கோடு ஒன்று போதும்.

ஒளி கீழ் வலத்திலிருந்து வருவதால் முட்களின் நிழல் மேல் இடப்பக்கம் சாய வேண்டும். நிழல் மென்மையாக, முள்ளை ஒட்டியே இருக்கட்டும். இதைத் தவறவிட்டால் பிரதிபலிப்பு தனியே ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும்.

டயல் முழுவதும் மங்கலாகப் பனி படர்ந்ததுபோல் இருக்கக் கூடாது. வெள்ளைத் திட்டு, நட்சத்திர மினுக்கம், நீலச் சாயம், இரட்டையாகத் தெரியும் எண்கள், புகைப்படக்காரரின் உருவம் ஆகியவையும் வேண்டாம். கண்ணாடியில் இரண்டு மயிரிழைக் கீறல்கள் இருக்கலாம், 6-க்குக் கீழே. பல ஆண்டுகள் கையில் கட்டிய கடிகாரம் அது.

முட்களும் எண்களும் முழுக் கூர்மையில் இருக்கட்டும். தோல் பட்டையின் முனைகள் மட்டும் மங்கலாம். பின்னணி கருந்தேக்கு மேசை. சதுர வடிவம். மூன்று சென்டிமீட்டராகச் சுருக்கினாலும் 4-உம் 5-உம் படிக்கத் தெரிய வேண்டும்.