வீட்டு வைஃபை: புதிய பெயர், கடவுச்சொல், நடைமுறைகள்

அன்புள்ள அப்பா, அம்மா, பாட்டி, அத்தை, தம்பி அனைவருக்கும்,

கடந்த இரண்டு நாள்களாக நான் ஏணியும் கேபிளுமாக அலைந்துகொண்டிருந்ததன் விளைவாக, நம் வீட்டு வைஃபை முழுவதுமாக மாற்றி அமைக்கப்பட்டுவிட்டது. பழைய பெயர் வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி வரை மட்டுமே வேலை செய்யும். அதற்குள் உங்கள் போன், மடிக்கணினி அனைத்தையும் கீழே உள்ள புதிய பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

நாம் அனைவரும் பயன்படுத்த வேண்டிய பெயரும் கடவுச்சொல்லும் இவைதாம்:

```
பெயர்: Veedu-Main
கடவுச்சொல்: mazhai7-jannal-kudai-kili
```

மழை, ஜன்னல், குடை, கிளி என்று நான்கு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மழைக்குப் பின் மட்டும் 7 வரும். எல்லாமே சிறிய எழுத்துகள், சொற்களுக்கு இடையில் இருப்பது சிறு கோடு, இடைவெளி எங்கும் கிடையாது. மழையை ஆங்கில எழுத்தில் எழுதும்போது zh போடுவதா, l போடுவதா என்று இந்த வீட்டில் நெடுநாளாக நடக்கும் வழக்கில், இந்த ஒரு இடத்தில் மட்டும் தீர்ப்பு zh பக்கம். அத்தை வழக்கம்போல் malai என்று அடித்தால் மலைதான் வரும், இணைப்பு வராது. ஜன்னலுக்கு இரண்டு n. அடித்து முடித்தபின் ஏற்கவில்லை என்றால், கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தைத் தொட்டு, அடித்தது என்னவென்று பாருங்கள். பெரும்பாலும் முதல் எழுத்து பெரிய M ஆக மாறியிருக்கும், அல்லது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதிய பெயரில் இணைந்தவுடன், பழைய பெயரைத் தொட்டு Forget என்பதைக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், ஞாயிறு இரவு வரை போன் பழகிய பழைய பெயரையே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். புதியது வேலை செய்யவில்லை என்று என்னிடம் புகார் வரும்.

இவ்வளவு தொந்தரவு எதற்கு என்று அப்பா கேட்பது எனக்குக் கேட்கிறது. முதல் காரணம், பழைய கடவுச்சொல். அது நம் பழைய தொலைபேசி எண். அந்த எண்ணை அறியாதவர் நம் உறவிலும் இல்லை, தெருவிலும் இல்லை. போன வாரம் ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது 23 கருவிகள் இணைந்திருந்தன. நம்முடையவை என்று நான் அடையாளம் காண முடிந்தவை 16 மட்டுமே. மீதி ஏழும் யாருடையவை என்று ஆராய்வதைவிட, கதவின் பூட்டையே மாற்றுவது சுலபம் என்று முடிவு செய்தேன். ரூட்டருக்குள் நுழைந்து எதையும் மாற்றக்கூடிய நிர்வாகக் கடவுச்சொல், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அச்சிட்டபடியே இத்தனை நாளும் இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். பொருத்த வந்தவர் மாற்றவில்லை. அவரைச் சொல்லி என்ன, நாமும்தான் மாற்றவில்லை. இப்போது மாற்றியாகிவிட்டது.

இரண்டாவது காரணம், பின்னறை. கூடத்தில் ஒரு பெயர், பின்னறையில் இருந்த நீட்டிப்புக் கருவிக்கு இன்னொரு பெயர், இரண்டுக்கும் நடுவில் போன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். அம்மா வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே நடந்தால், சமையலறை வாசலைத் தாண்டிய மூன்றாவது அடியில் எதிர்முனை முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போன் கூடத்துச் சிக்னலை, அது நூலாக மெலிந்த பிறகும், விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். இப்போது தொலைக்காட்சிக்குப் பின்னால் தரையில் கிடந்த ரூட்டர் நடைவழி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. பின்னறையில் இரண்டாவது பெட்டி ஒன்று கேபிள் வழியாகவே அதனோடு இணைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். நேற்று மாலை அழைப்பிலேயே கூடத்திலிருந்து பின்னறைக் கடைக்கோடி வரை நடந்து பார்த்தேன், படம் ஒரே ஒருமுறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். பழைய நீட்டிப்புக் கருவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதை எடுத்து எந்தப் பிளக்கிலும் செருக வேண்டாம்.

இனி விருந்தினர் விஷயம். இந்தக் குறிப்பில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். Veedu-Main கடவுச்சொல் இந்த வீட்டில் தூங்கி எழும் நமக்கு மட்டுமே. வருபவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், ஐந்து நிமிடம் மட்டும் வேண்டும் என்று கேட்டாலும், அவர்களுக்கென்று வைத்திருக்கும் இணைப்பையே கொடுங்கள்:

```
பெயர்: Veedu-Virundhu
கடவுச்சொல்: vaasal-nizhal-52
```

இதில் இணைபவர்களுக்கு இணையம் நமக்குக் கிடைப்பதுபோலவே கிடைக்கும். ஆனால் நம் கணினிகளோ பிரிண்டரோ அவர்கள் கண்ணில் படாது. வருபவர் மீது நமக்குச் சந்தேகம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் போனில் என்ன இருக்கிறது என்பது பல நேரம் அவர்களுக்கே தெரியாது என்பதுதான் விஷயம். சொல்லி அடிக்க வைக்கும் சிரமமும் இல்லை. கூடத்துக் கதவின் அருகே ஒட்டியிருக்கும் கட்டப்படத்தைப் போன் கேமராவால் பார்த்தாலே இணைந்துவிடும். அந்தப் படத்துக்குள் இருப்பது மறைபொருள் எதுவும் இல்லை, இந்த ஒரு வரிதான்:

```
WIFI:T:WPA;S:Veedu-Virundhu;P:vaasal-nizhal-52;;
```

நம் சொந்தக் கடவுச்சொல்லுக்கும் உங்கள் போனே இப்படி ஒரு படத்தை உருவாக்கித் தரும். அதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவதும், கடவுச்சொல்லை எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போடுவதும் ஒன்றே என்பதை இப்போது புரிந்துகொள்வீர்கள். விருந்தினர் கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் புதிய படம் ஒட்டிவிடுகிறேன். நம்முடையதை, வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் ஒழிய, மாற்றப்போவதில்லை. தவறிப்போய் யாருக்காவது சொல்லிவிட்டால் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

Veedu-Karuvi என்று மூன்றாவதாக ஒரு பெயரும் உங்கள் பட்டியலில் தெரியும். வாசல் கேமராவும் இரண்டு ஸ்மார்ட் பிளக்குகளும் அதில் தனியே இருக்கின்றன. இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. தயாரித்தவர்கள் இவற்றின் மென்பொருளை எத்தனை காலம் புதுப்பிப்பார்கள் என்று நம்பவும் முடியாது. அதனால் நம் கணினிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். அதன் கடவுச்சொல் யாருக்கும் தேவைப்படாது. பிரிண்டரும் தொலைக்காட்சியும் மட்டும் Veedu-Main-இலேயே இருக்கின்றன, ஏனென்றால் போனிலிருந்து அச்சிடவும் படத்தைத் திரைக்கு அனுப்பவும் இரண்டும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டும். அச்சு வரவில்லை என்றால் முதலில் உங்கள் போன் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டியது தம்பிக்கு. பள்ளி நாள்களில் உன் போனுக்கும் விளையாட்டுக் கருவிக்கும் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை இணைப்பு தானாக நின்றுவிடும்; மடிக்கணினிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, படிப்பதற்கு என்று நீ சொன்னதை நம்புகிறேன். இந்த ஏற்பாடு வேலை செய்ய, உன் போன் தன் உண்மையான முகவரியைக் காட்ட வேண்டும். எனவே Veedu-Main-க்கு மட்டும் Private Wi-Fi Address என்பதை Off செய்துவிடு. அதை மறுபடி மாற்றினால் என்ன நடக்கும் என்று நீ யோசிப்பாய் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: பெயர் தெரியாத புதுக் கருவி ஒன்று நுழைந்ததாக எனக்கு அறிவிப்பு வரும். பெரிய விளையாட்டுக் கோப்புகளை, அப்பா அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் காலை 10 முதல் 12 மணி வரை இறக்காதே. மற்றவர்களும் புதிய கருவி எதையாவது இணைத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாட்டி இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவரும்போது ரூட்டரின் சுவிட்சையும் அணைப்பது வழக்கம். இனி அதை மட்டும் விட்டுவிட வேண்டும் பாட்டி. பின்னிரவு 3 மணிக்குத்தான் அது தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும், பாதியில் மின்சாரம் நின்றால் பெட்டியே கெட்டுப்போகலாம். சுவிட்சின் மேல் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன்.

இணையம் நின்றுபோனால், முதலில் பெட்டியில் எந்த விளக்கு சிவப்பாக இருக்கிறது என்று பாருங்கள். பூமிப்பந்து படத்தின் அருகே சிவப்பு என்றால் கோளாறு வெளியில், நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வரவில்லை என்றால், நடைவழிப் பெட்டியை மட்டும் அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெட்டியின் பின்னால் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. அதில் குண்டூசி நுழையக் கூடாது. அது மறுதொடக்கம் இல்லை, நான் இரண்டு நாள் செய்த அத்தனையையும் அழித்துவிடும் துளை. மைக்ரோவேவ் ஓடும்போது அதன் அருகே அழைப்பு தடுமாறினால் அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம். அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இயங்குவதால் வரும் இடைஞ்சல் அது, அடுப்பு நின்றதும் சரியாகிவிடும்.

இணைய நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது கடவுச்சொல்லையோ, போனுக்கு வந்த எண்ணையோ கேட்டால், மகள் வந்ததும் பேசுவாள் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

அனைத்துக் கடவுச்சொற்களும், நிர்வாகக் கடவுச்சொல் உட்பட, ஒரு தாளில் எழுதி ஒட்டிய உறையில், அம்மாவின் அலமாரியில் பத்திரங்களோடு இருக்கின்றன. நான் ஊரில் இல்லாதபோது தேவைப்பட்டால் தயங்காமல் பிரிக்கலாம். பாட்டியின் டேப்லெட்டை நானே மாற்றிவிட்டேன். அத்தையின் போனைச் சனிக்கிழமை மாலை நானே பார்த்துக்கொள்கிறேன், அதுவரை அந்த zh-ஐ முயன்று பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டின் மூத்தவள்