பாடத்திட்டம்: ஆடைக்கு ப்ராம்ப்ட் எழுதுதல்

வகுப்பு: 11ஆம் வகுப்பு, தொழிற்கல்வி, ஆடை வடிவமைப்பு. மதுரை. மாணவிகள் 28 பேர்.
நேரம்: அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள், மொத்தம் 90 நிமிடம்.
இடம்: முதல் ஒரு மணி நேரம் தையல் அறை, மீதி கணினி ஆய்வகம்.

தேவையானவை: இரண்டு பக்கமும் கரை உள்ள ஒரு சுங்குடிச் சேலை (நீளம் 5.5 மீட்டர், அகலம் 45 அங்குலம்), மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு, பருத்தி, ஜார்ஜெட், ஆர்கன்சா துண்டுகள், அளவுநாடா, ஏ4 தாள், பென்சில். ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியும் புரொஜெக்டரும் போதும்.

எதற்காக இந்தப் பாடம்

படம் வரையும் செயலிகளில் நான்கு வார்த்தை தட்டினால் ஓர் ஆடை வந்து நிற்கிறது. பிள்ளைகள் போனில் ஏற்கெனவே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வெட்டுமேஜைக்கு வந்தால் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாது. என்ன துணி, எத்தனை மீட்டர், திறப்பு எந்தப் பக்கம் என்று படம் எதையும் சொல்வதில்லை. அதனால் இந்த வகுப்பில் ப்ராம்ப்டைப் படம் வரவழைக்கும் வாசகமாகச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. கட்டிங் மாஸ்டரிடம் கொடுக்கும் குறிப்பாகவே எழுதவைக்கப் போகிறோம். மாஸ்டர் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சாக்பீஸைக் கையில் எடுத்தால்தான் ப்ராம்ப்ட் முடிந்தது என்று கணக்கு.

வகுப்பு முடியும்போது ஒவ்வொரு மாணவியும் துணி, வெட்டு, நீளம், நிறம், கழுத்து, கை, திறப்பு ஆகியவை தெளிவாக இருக்கும் ஒரு ப்ராம்ப்டை எழுதியிருக்க வேண்டும். வந்த படத்தில் தைக்க முடியாத இடத்தைக் காட்டவும் தெரிய வேண்டும்.

முதல் 15 நிமிடம்: கையும் கண்ணும்

கணினிப் பேச்சே வேண்டாம். துணித் துண்டுகளைச் சுற்றுக்கு விடவும். ஒவ்வொருத்தியும் கையிலிருக்கும் துண்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். “அழகான”, “சூப்பரான”, “மாடர்னான”, “ட்ரெண்டியான” இந்த நான்கும் இன்று தடை. கரும்பலகையின் ஓரத்தில் எழுதிக் கட்டம் போட்டுவிடவும். ஆர்கன்சாவுக்கு “மொடமொடன்னு நிக்குது”, ஜார்ஜெட்டுக்கு “கையில நிக்காம வழுக்குது” என்று வரும். இவையெல்லாம் நல்ல பதில்கள், அப்படியே பலகையில் எழுதவும். துணி விழும் விதத்தைச் சொல்லத் தெரிந்தவளுக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மயில்கழுத்துப் பட்டை மட்டும் கடைசியில் எடுக்கவும். ஜன்னல் பக்கம் பிடித்து மெதுவாகத் திருப்பினால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். ஒரு ஓரத்தில் நூலைப் பிரித்துக் காட்டவும்: பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இதை ப்ராம்ப்டில் எப்படி எழுதுவது என்று கேட்கவும். “மயில்கழுத்து நிறம்” என்று மட்டும் எழுதினால் நம் ஊர் ஜவுளிக்கடைக்காரருக்குப் புரியும், செயலி ஆடை முழுக்க மயில் வரைந்தாலும் வரையும். “பாவு நூல் நீலம், ஊடை நூல் பச்சை, மடிப்பு திரும்பும் இடத்தில் நிறம் மாறும்” என்ற வரியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கவும். நாமாகச் சொல்லிவிடக் கூடாது. அரக்கு, கிளிப்பச்சை, வெந்தய நிறம் என்று வீட்டில் புழங்கும் பெயர்களும் இருக்கட்டும். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதையும் எழுத வேண்டும்.

அடுத்த 20 நிமிடம்: முதுகோடு முதுகாக

ஒரே தலைப்பு: சித்திரைத் திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு சுங்குடி ஆடை. எல்லோரும் ஐந்து நிமிடத்தில் ஒரு ப்ராம்ப்ட் எழுதட்டும். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> திருவிழாவுக்கு சிவப்பு சுங்குடியில் ஒரு லாங் கவுன், நல்ல பார்டர், கிராண்டாக.

அப்புறம் ஜோடி ஜோடியாக முதுகைக் காட்டி உட்கார வைக்கவும். ஒருத்தி தன் ப்ராம்ப்டை வாசிக்க, மற்றவள் கேட்டதை மட்டும் வைத்துப் பென்சிலால் வரைய வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. வரைபவளுக்குத் தெரியாத இடம் வந்தால் அங்கே ஒரு வட்டம் போட்டு விட்டுவிட வேண்டும். வரைந்து முடித்ததும் வட்டங்களை எண்ணச் சொல்லவும். மேலே உள்ள ப்ராம்ப்டுக்குக் கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கவுன் எதுவரை என்று ஒன்று, பார்டர் எங்கே என்று ஒன்று விழும். தோழி வட்டம் போட்ட இடத்தையெல்லாம் செயலி தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடும், நம்மைக் கேட்காது. இந்த இடத்தில் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். பென்சில் வேலையைக் கணினிக்கு முன்னால் வைத்ததே இதற்குத்தான், நேரம் போதவில்லை என்று இதை விட்டுவிட வேண்டாம்.

எழுதத் திணறும் பிள்ளைகள் சிலர் தையலில் கெட்டிக்காரிகள். அவர்கள் வாயால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவள் எழுதட்டும். மதிப்பெண் சொன்னவளுக்கு.

அடுத்த 25 நிமிடம்: சேலையை விரித்தல்

பாடத்தின் உயிர் இந்தப் பகுதிதான். கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம், இங்கே ஐந்து நிமிடம் கூடினால் ஆய்வக நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

சேலையை மேஜையில் முழு நீளத்துக்கு விரிக்கவும். முதலில் புள்ளிகள். கையால் முடிச்சிட்ட சுங்குடியில் துணியைச் சிறிதாகக் கிள்ளி நூல் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டு அவிழ்த்த இடம் வெள்ளையாக நிற்கிறது. அதனால் ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது, ஓரம் கொஞ்சம் பிசிறியிருக்கும். மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் இப்போது நிறைய சுங்குடி வருகிறது, அதில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். எது வேண்டும் என்று ப்ராம்ப்ட் சொல்ல வேண்டும். “சுங்குடி” என்று மட்டும் எழுதினால் செயலி கச்சிதமான வட்டப் பொட்டுகளை அடுக்கித் தர வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கரை. கேள்வி: இந்தச் சேலையில் ஏ-லைன் கவுன் தைத்து, கரை கீழ் விளிம்பில் சுற்றி வர வேண்டும். முடியுமா? எல்லோரும் முடியும் என்பார்கள். ஒருத்தியை அழைத்து ஏ-லைன் பேட்டர்ன் தாளைச் சேலையின் மேல் வைக்கச் சொல்லவும். கீழ் விளிம்பு வளைவு, கரை நேர்கோடு. நடுவில் பொருந்தினால் ஓரங்களில் பொருந்தாது, ஓரத்தைப் பொருத்தினால் நடு தொங்கும். வளைவாக வெட்டினால் கரையே வெட்டுப்படும். அம்பர்லா கட்டுக்கு இன்னும் மோசம். செயலியோ கரையை ரப்பர் மாதிரி வளைத்து அழகாக வரைந்துவிடும், பார்ப்பவர்களும் நம்பிவிடுவார்கள்.

சரி, கரையும் வேண்டும், விரிவும் வேண்டும், என்ன செய்வது? வளைவை விட்டுவிட்டு நேர்த்துண்டாக வெட்டி இடுப்பில் சுருக்கு வைக்க வேண்டும். பாவாடை தைத்த பிள்ளை யாராவது சொல்லிவிடுவாள். கணக்கைப் பலகையில் போடவும். இடுப்பு 28 அங்குலம், மூன்று மடங்கு சுருக்குக்கு 84 அங்குலம், அதாவது சுமார் 2.13 மீட்டர். பாவாடை நீளம் 34, மேல் தையலுக்கு 1, ஆக 35 அங்குலம். கீழே கரை, அதுவே துணியின் ஓரம் என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. அகலத்தில் மிச்சம் 10 அங்குலப் பட்டை, அதிலும் ஒரு கரை இருக்கிறது. கைகளை அதில் எடுத்தால் கை விளிம்பிலும் கரை வரும். நீளத்தில் 3.3 மீட்டருக்கு மேல் பாக்கி. முந்தானையை மேல் பாகத்தின் முன்பக்கத்துக்கு வைக்கலாம், பின்பக்கமும் பாக்கெட்டும் உடல் பகுதியில் வரும்.

இப்போது முதல் ப்ராம்ப்டை எல்லோருமாகச் சேர்ந்து திருத்தி எழுதுவது. ஏறக்குறைய இப்படி வர வேண்டும்:

> 16 வயதுப் பெண், நேராக நிற்கிறாள், முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக. வெயிலில் போட ஏற்ற மெல்லிய பருத்திக் கவுன். நிறம் அரக்கு, அதாவது பழுப்பு கலந்த அடர் சிவப்பு. துணி முழுவதும் கையால் கட்டிச் சாயமிட்ட கடுகளவு வெள்ளைப் புள்ளிகள், ஓரம் பிசிறியவை, ஒன்றுபோல் ஒன்று இல்லாதவை. மேல் பாகம் இடுப்புவரை உடம்போடு பொருந்தியது, படகுக் கழுத்து, முழங்கைக்கு மேல் நிற்கும் கை, கை விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் கரை. இடுப்பில் நெருக்கமான சுருக்கு. நேர்த்துண்டில் தைத்த பாவாடை, கணுக்கால்வரை, கீழ் விளிம்பில் அதே மஞ்சள் கரை. இடது பக்கத் தையலில் ஜிப், இரண்டு பக்கமும் பாக்கெட். வெள்ளைப் பின்னணி, நகை வேண்டாம்.

ஜிப் இல்லாமல் எழுதியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கவும்: “இதை எப்படிப் போட்டுக்குவ?” பாக்கெட்டைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால் நாம் சொல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பெண்பிள்ளைக்கு ஆடையில் பாக்கெட் இருப்பது எவ்வளவு உதவி என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் எழுதும்போது ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வகத்தில் 25 நிமிடம்

ஆசிரியரின் கணக்கில் மட்டும் செயலியைத் திறக்கவும், மாணவிகள் தனிக்கணக்கு தொடங்க வேண்டாம். தங்கள் படத்தையோ தோழியின் படத்தையோ ஏற்றக் கூடாது, இதில் விதிவிலக்கு கிடையாது. எந்த வடிவமைப்பாளரின் பெயரையும் போட்டு “அவர் மாதிரி” என்று கேட்கவும் கூடாது. இன்னொருவர் உழைத்துத் தேடிய பாணியை எடுத்துக்கொள்வதற்கு இந்த வகுப்பு நடக்கவில்லை.

முதலில் பழைய ஒரு வரி ப்ராம்ப்ட், பிறகு திருத்தியது. இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாகத் திரையில் நிறுத்தவும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றவும்: பருத்தியை ஆர்கன்சா ஆக்கினால் பாவாடை எப்படி நிற்கிறது, சுருக்கை ப்ளீட் ஆக்கினால் இடுப்பு என்ன ஆகிறது. பல சொற்களை ஒரே தடவையில் மாற்றினால் எந்தச் சொல் என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

படத்தில் பிழை தேடுவதைக் குழுவாகச் செய்யட்டும். முன்பக்கக் கழுத்தும் பின்பக்கமும் தோள்பட்டையில் சேர்கின்றனவா? தையல்கோடு பாதியில் மறைகிறதா? பட்டன் இருந்தால் அதற்குக் காஜா இருக்கிறதா? புள்ளிகள் சுருக்கின் மடிப்புக்குள் போகின்றனவா, மேலே ஒட்டினாற்போல் மிதக்கின்றனவா? பிழையைக் கண்டுபிடித்தவள் அதைச் சரிசெய்யும் ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதியும் செயலி சரியாக வரையவில்லை என்றால் விட்டுவிட்டுப் பென்சிலால் திருத்தச் சொல்லவும், அதில் ஒரு குறையும் இல்லை.

மதிப்பெண் (20)

வெட்டும் அளவும் 8, துணியும் அது விழும் விதமும் 5, படத்தின் பிழை கண்டது 4, நிறம் 3. படம் அழகாக வந்ததற்கு மதிப்பெண் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவும்.

கடைசி 5 நிமிடம்: வீட்டுப்பாடம்

வீட்டில் யாரும் கட்டாத ஒரு பழைய சேலையைக் கேட்டு வாங்கி, நீளமும் அகலமும் கரையும் அளந்து, அதில் தைக்கக்கூடிய ஓர் ஆடைக்கு ப்ராம்ப்ட் எழுதி வர வேண்டும். சேலை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தையல் அறையில் இருக்கும் துணியை அளந்துகொள்ளலாம். எழுதியதைத் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ வாசித்துக் காட்டி, அவர் கேட்ட முதல் கேள்வியை ப்ராம்ப்டின் அடியில் எழுதி வரவும். அடுத்த வகுப்பை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.