ஆடிக்கூழ் கேப்ஷன்: ஸ்டோரிக்கு ஒண்டு, போஸ்டுக்கு ஒண்டு

அக்கா, நீங்க ராத்திரி அனுப்பின கேப்ஷன பஸ்ஸில வரேக்க வாசிச்சன், நல்லா இருக்கு, ஆனா அதையே ஸ்டோரிக்கும் ப்ரொஃபைலுக்கும் போடுவம் எண்டு சொன்னீங்க பாருங்கோ, அது தான் வேண்டாம். போன தீபாவளி முறுக்கு போஸ்ட் ஞாபகம் இருக்கோ? "நாளைக்கு கடைசி நாள்" எண்டு போட்டது இன்னும் அப்பிடியே கிடக்கு, தைப்பொங்கல் முடிஞ்சாப் பிறகு ஒரு அன்ரி "நாளைக்கு எத்தினை மணிக்கு வரலாம்" எண்டு மெசேஜ் போட்டவ. பாவம், அவவில என்ன பிழை.

நீங்க எழுதினது இது:

"நாளைக்கு ஆடிப்பிறப்பு! அம்மாட கைப்பக்குவத்தில ஆடிக்கூழும் கொழுக்கட்டையும், வெள்ளவத்தையில. இண்டைக்கு பின்னேரம் 6 மணிக்குள்ள சொல்லுங்கோ. கூழ் லீட்டர் 1,200 ரூபா, கொழுக்கட்டை பத்து 800 ரூபா. வேலைக்குப் போறவைக்கு காய்ச்ச நேரமில்லை எண்டா நாங்க இருக்கிறம்."

இதில பாதி 24 மணித்தியாலத்தில செத்துப்போற விஷயம், மற்றப் பாதி அடுத்த வருசமும் நிக்கக்கூடியது. பிரிச்சுப் போட்டன்.

ஸ்டோரிக்கு, பானை கொதிக்கிற அந்த ஃபோட்டோக்கு மேல:

நாளைக்கு ஆடிப்பிறப்பு!
கூழ் காய்ச்ச நேரமில்லையோ?
கூழ் லீட்டர் 1,200 / கொழுக்கட்டை 10 = 800
இண்டைக்கு பின்னேரம் 6 வரை தான் ஆர்டர்
14 லீட்டர் மட்டும்
இதுக்கே ரிப்ளை பண்ணுங்கோ

அவ்வளவு தான். ஆக்கள் விரலால தட்டிக்கொண்டே போகினம், நின்று வாசிக்க மாட்டினம். எழுத்த நடுவில வையுங்கோ, மேலயும் கீழயும் வைச்சா பேரும் ரிப்ளை பெட்டியும் மறைச்சுப்போடும். 4 மணி போல இன்னொண்டு, "இன்னும் 5 லீட்டர்" எண்டு மட்டும், அந்த நேரம் உண்மையா எவ்வளவு மிச்சமோ அதை. 6 மணிக்கு "முடிஞ்சுது, நன்றி" எண்டு ஒண்டு, இல்லாட்டி ராத்திரி 11 மணிக்கும் கேட்டுக்கொண்டு இருப்பினம்.

போஸ்டுக்கு இது. முதல் வரியில தான் கவனம் எடுத்தனான், ஃபீடில அது மட்டும் தான் தெரியும், மிச்சத்த வாசிக்க தட்டோணும்:

"கொழும்பில ஆடிக்கூழ் தேடுறீங்களோ? வெள்ளவத்தையில அம்மா காய்ச்சுறா.

வறுத்த அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, கடைசியா பல்லுப் பல்லா வெட்டின தேங்காய்ச்சொட்டு. சீனி போட்டா நிறமும் வராது, மணமும் வராது, அதனால பனங்கட்டி தான். ஊரில அம்மம்மா பலாவிலைய கோலி அதில தான் குடிக்கத் தருவா, இங்க ஃப்ளாட்டில பலா மரத்துக்கு எங்க போறது, கப்பில தான் தாறம், குறை நினைக்காதீங்கோ.

கூட பயறும் தேங்காய்ப்பூவும் வைச்ச கொழுக்கட்டை. ஓரத்தில இருக்கிற பல்லுப் பல்லான மடிப்பு அம்மாட கையால மடிச்சது, அச்சு இல்லை.

ஆடிப்பிறப்பு ஒவ்வொரு வருசமும் ஜூலை நடுவில வரும். அதுக்கு ஒரு கிழமைக்கு முதல் ஆர்டர் எடுக்கத் தொடங்குவம், விலையும் கடைசி நேரமும் அந்தக் கிழமை ஸ்டோரியில. வெள்ளவத்தையில வந்து எடுக்கலாம், தூர இருக்கிறவைக்கு பிக்மீல அனுப்பலாம்.

உங்கட வீட்டில கூழ் இனிப்போ, கொஞ்சம் மிளகு உறைப்போ? கீழ சொல்லுங்கோ."

விலைய வேணுமெண்டே எடுத்தனான். தேங்காய் விலை இருக்கிற இருப்புக்கு அடுத்த ஆடிக்கு 1,200 எண்டு ஆரும் ஸ்க்ரீன்ஷொட்டோட வந்து நிண்டா அம்மா பாவம் பார்த்து குடுத்தும் விடுவா. "கொழும்பு", "வெள்ளவத்தை", "ஆடிக்கூழ்" மூண்டையும் வசனத்துக்குள்ளயே வைச்சது தேடுறவைக்கு வாறதுக்கு. "நாளைக்கு", "இண்டைக்கு" ஒரு இடத்திலயும் இல்லை, தேடிப் பாருங்கோ.

"வேலைக்குப் போறவைக்கு" எண்ட உங்கட வரிய போஸ்டில இருந்து எடுத்துட்டன், அது அவசரக்காரருக்கு சொல்லுற வரி, ஸ்டோரியில "நேரமில்லையோ" எண்டு வந்திட்டுது. கோவிக்காதீங்கோ.

ஸ்டோரி போட முதல் விலைய ரெண்டு தரம் பாருங்கோ, போட்டாப் பிறகு திருத்தேலாது, அழிச்சுப்போட்டு திருப்பித்தான் போடோணும். போஸ்ட் கேப்ஷன் எப்பவும் திருத்தலாம், அதனால அம்மாட்ட ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ, பயறு வறுத்ததோ வறுக்காததோ எண்டு எனக்கு இப்ப கொஞ்சம் சந்தேகம்.